உடைந்த தடை தாங்குமா?

அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் 1,550-ஐத் தொட்டுவிட்டுச் சரிந்தது. கிட்டத்தட்டப் பாதியை இழந்தது. மீண்டு வந்து 2007 அக்டோபரில் 1,576-ஐத் தொட்டது. இந்த முறை சரிவு இன்னும் மோசம். 2009 மார்ச்சில் 666 வரை போனது. இரண்டு முறை ஏறி இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் திரும்பியதால், அந்த உயரம் உலகமே பார்த்துக்கொண்டிருந்த ரெசிஸ்டன்ஸ் ஆகிவிட்டது. அது 2013-இல் உடைந்த விதத்தில் பிரேக்அவுட், ரீடெஸ்ட் இரண்டுக்குமான பாடம் முழுவதும் இருக்கிறது.

முதலில் எல்லையைச் சரியாகக் குறிக்க வேண்டும். 2007-இல் குறியீடு நாள் முடிவில் எட்டிய உச்சம் 1,565. வர்த்தகத்தின் நடுவே எட்டியது 1,576. எனவே இது ஒற்றைக் கோடு அல்ல, பதினோரு புள்ளி அகலமுள்ள ஒரு பட்டை. கோடாக எடுத்துக்கொள்பவர்கள் இரண்டு புள்ளி இறங்கினாலே பதறி வெளியேறுவார்கள்.

2013 ஏப்ரல் 11 அன்று குறியீடு 1,593-இல் முடிந்தது. பிரேக்அவுட் என்று பலரும் வாங்கினார்கள். ஒரே வாரத்தில், ஏப்ரல் 18 அன்று, அது 1,541-இல் முடிந்தது. பட்டைக்குள் திரும்பியிருந்தால் ரீடெஸ்ட். பட்டையைத் துளைத்துக்கொண்டு கீழே போய் முடிந்ததால், ரீடெஸ்ட் தோற்றுவிட்டது. விலை மலிந்திருக்கிறதே என்று இந்த இடத்தில் கூடுதலாக வாங்குவது தவறு. வாங்கியதற்கு இருந்த ஒரே காரணம் ‘தடை உடைந்தது’ என்பதுதான். அந்தக் காரணம் அன்றே காலியாகிவிட்டது. பிறகு ஏறினாலும் அதைப் புதுக் கணக்காகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏறவும் செய்தது. ஏப்ரல் 23-இல் மறுபடி பட்டைக்கு மேல் முடிந்து, மே 21-இல் 1,669 வரை போனது. ஜூனில் பெடரல் ரிசர்வ் தலைவர் பென் பெர்னான்கி, கடன் பத்திரக் கொள்முதலைக் குறைக்கப்போவதாகக் கோடிகாட்டினார். சந்தை மளமளவென இறங்கியது. ஜூன் 24 அன்று வர்த்தகத்தின் நடுவே 1,560 வரை போய், 1,573-இல் முடிந்தது. மறுநாள் 1,588. பட்டைக்குக் கீழே எட்டிப் பார்த்த விலை அங்கே முடியவில்லை. ஆறு ஆண்டுத் தடை சப்போர்ட்டாக மாறிவிட்டது.

ஏன் மாறுகிறது? தடைக்குக் கீழே இருந்தபோது, பழைய உச்சத்தில் வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் ‘போட்ட காசு வந்தால் போதும்’ என்று அங்கே விற்றார்கள். அவர்கள் விற்று முடித்த பிறகுதான் விலை மேலே போனது. இப்போது அதே விலைக்குத் திரும்பி வந்தால், காத்திருப்பவர்கள் வேறு ஆட்கள்: முதல் ஏற்றத்தைத் தவறவிட்டவர்கள் வாங்குகிறார்கள், இறங்கும் என்று ஷார்ட் அடித்து நஷ்டத்தில் இருப்பவர்கள், போட்ட விலை கிடைத்ததே என்று திரும்ப வாங்கி வெளியேறுகிறார்கள்.

ரீடெஸ்ட் தோற்றால் இந்த வரிசையே தலைகீழாகிறது. நிஃப்டியில் இதைப் பார்த்தோம். அதன் 2008 ஜனவரி உச்சம் 6,357. 2013 டிசம்பர் 9 அன்று, மாநிலத் தேர்தல் முடிவுகள் வந்த மறுநாள், 6,415 வரை ஏறி 6,363-இல் முடிந்தது. அதே வார வியாழக்கிழமை 6,237. உச்சத்தில் வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஜனவரி கடைசியில் விலை பழைய உச்சத்தை நெருங்கியபோது தாண்ட முடியவில்லை. பிப்ரவரியில் 6,000-க்கும் கீழே போனது.

ரீடெஸ்டுக்குக் காத்திருப்பதன் லாபம் நஷ்டக் கணக்கில்தான் தெரியும். எஸ் அண்ட் பி-யில் ஜூன் 25-இன் முடிவு விலையான 1,588-இல் வாங்கியவர், முந்தைய நாளின் அடிமட்டமான 1,560-ஐ ஸ்டாப்லாஸாக வைத்தால் 28 புள்ளிதான் ஆபத்து. மே மாத உற்சாகத்தில் 1,669-இல் வாங்கியவருக்கு அதே ஸ்டாப்லாஸ் 109 புள்ளி தூரம்.

ஆனால் எல்லா பிரேக்அவுட்டும் திரும்பி வந்து வாய்ப்புக் கொடுப்பதில்லை. நிஃப்டி 2014 மார்ச் 7-இல் 6,526-இல் முடிந்தது; 6,357 பக்கம் வராமலே மே மாதத்தில் 7,500-ஐத் தாண்டியது. காத்திருந்தவர்கள் அந்த ஏற்றத்தைத் தவறவிட்டார்கள். இதுதான் இந்த முறைக்குக் கொடுக்கும் விலை. அதைக் கொடுக்க மனமில்லாதவர், உடைந்த அன்றே பாதி அளவு மட்டும் வாங்கலாம். ஆனால் பட்டை எது, எங்கே முடிந்தால் வெளியேறுவது என்ற இரண்டையும் வாங்குவதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். வாங்கிய பிறகு பட்டை அகலமாகிக்கொண்டே போகும்.