பீரோ மலை ஏறும் வழி

சென்னையில் வாங்கிய இரும்பு பீரோ கொல்லிமலைச் செம்மேட்டுக்குப் போகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பார்சல் நிறுவனத்தின் லாரி அதை நாமக்கல் கோடவுன் வரை கொண்டுவந்துவிடும். ஊருக்குள் என்றால் பத்துப் பதினைந்து வீட்டுச் சரக்கை ஒரே வண்டியில் ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். மலைக்கு அப்படி முடியாது. காரவள்ளி வழியாகப் போனால் 70 கொண்டை ஊசி வளைவு. ஒரே ஒரு பீரோவுக்காக ஏறிய வண்டி காலியாகத்தான் இறங்கவேண்டும். அந்தச் செலவைத்தான் 'ஓடிஏ', அதாவது டெலிவரி எல்லைக்கு அப்பால் என்ற பெயரில் தனிக் கட்டணமாகக் கேட்கிறார்கள். இது நியாயம்தான். ஆனால் புக் செய்யும்போதே சொல்லாமல், சரக்கு வந்த பிறகு சொல்வது நியாயமே இல்லை.

பலர் ஏமாறுவது எடைக் கணக்கில். பீரோ ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம். தராசில் வைத்தால் 75 கிலோ இருக்கலாம். ஆனால் லாரியில் அது அடைக்கும் இடத்தையும் பார்ப்பார்கள். நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது கூரியரில் பரவலான முறை. 198, 91, 46 என்று பெருக்கி வகுத்தால் 166 கிலோ வருகிறது. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். ஓடிஏ கிலோவுக்கு 5 ரூபாய் என்றால் 375 அல்ல, 830 ரூபாய். வகுக்கும் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதைக் கேட்காமல் புக் செய்யாதீர்கள்.

இல்லையென்றால் 'கோடவுன் டெலிவரி' என்று எல்.ஆர். ரசீதில் எழுதச் சொல்லிவிட்டு, நாமே போய் எடுத்துக்கொள்ளலாம். என் மனம் இந்தப் பக்கம்தான் சாயும். பெறுபவரின் செல் நம்பர் ரசீதில் சரியாக இருக்கவேண்டும். சரக்கு வந்த தகவல் அதற்குத்தான் வரும். தகவல் வராமல் நாட்கள் ஓடினால் டெமரேஜ், அதாவது கோடவுன் வாடகை, ஏறத் தொடங்கும். 'டு பே' என்று புக் செய்திருந்தால் வாடகைப் பணத்தையும் அங்கேயே கட்டவேண்டும். ஏற்றுகூலி தனி.

கையெழுத்துப் போடுமுன் அட்டையைப் பிரித்துக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். நசுங்கிய பீரோவின் கதவு பூட்டோடு பொருந்தாது; கண்ணாடி உடைந்திருந்தால் அட்டைக்குள்ளேயே சலசலக்கும். பழுது இருந்தால் டெலிவரி ரசீதிலேயே எழுதி, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்திட்ட பிறகு நஷ்டஈடு கேட்பது மிகவும் கடினம்.

இனி மலை ஏற்றவேண்டும். அன்னாசியும் வாழையும் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும் வண்டிகள் திரும்பும்போது பெரும்பாலும் காலியாக இருக்கும். அவற்றில் ஒன்றைப் பிடித்தால், தனி டெம்போ பேசுவதைவிடக் குறைந்த வாடகைக்கு பீரோ வீட்டு வாசலுக்கு வந்துவிடும். வளைவுகளில் ஆடாமல் இருக்க, அதைப் படுக்கவைத்து இரண்டு பக்கமும் கயிறு போட்டுக் கட்டச் சொல்லுங்கள்.