இரண்டாம் பீரியடில் வரும் தூக்கம்

ஒன்பது வயதுச் சிறுமி. எடை 25 கிலோ. வாரத்துக்கு இரண்டு முறை வலிப்பு வந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே சாப்பிட்ட மருந்தோடு டாக்டர் குளோபசாம் சேர்த்தார். முதலில் இரவில் மட்டும் 5 மில்லிகிராம், பிறகு காலையில் 5, இரவில் 5. வலிப்பு நின்றது. ஆனால் இரண்டாவது பீரியடிலேயே பிள்ளை பெஞ்சில் தலை சாய்க்கிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்புகிறார். உண்மையான ஒரு குழந்தையின் கதையல்ல இது. ஆனால் குழந்தைகள் நரம்பியல் பிரிவின் வாசலில் காத்திருக்கும் அம்மாக்கள் பலருக்கு இது தெரிந்த கதைதான்.

மூளையில் நரம்பணுக்களின் துடிப்பை அடக்கும் காபா என்ற ரசாயனத்துக்குக் குளோபசாம் வலுவூட்டுகிறது. வலிப்பை அடக்கும் அதே பிடிதான் தூக்கத்தையும் கொண்டுவருகிறது. டயசிபாம் போன்ற மருந்துகளின் உறவுதான் இதுவும் என்றாலும், அவற்றைவிடக் குறைவாகவே மயக்கும். பல பிள்ளைகளுக்கு ஆரம்பத் தூக்கம் சில வாரங்களில் தானே தெளிந்துவிடும்.

சிக்கல் இந்த மருந்து உடம்பில் தங்கும் காலத்தில் இருக்கிறது. குளோபசாம் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகும். கல்லீரல் அதை இன்னொரு பொருளாக மாற்றுகிறது. அதுவும் மருந்தாகவே வேலை செய்யும். அது பாதியாகக் குறைய மூன்று நாளாவது ஆகும். அதனால் தினமும் கொடுக்கக் கொடுக்க, இரண்டு வாரம் வரைக்கும் ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே போகும். மூன்றாம் நாள் துள்ளி விளையாடிய பிள்ளை பத்தாம் நாள் சோர்ந்து போவதற்குக் காரணம் இதுதான். அளவைக் குறைத்தாலும் மறுநாளே தெளிவு வராது. பொறுமையில்லாமல் வாரம் ஒரு மாற்றம் செய்தால், எது வேலை செய்தது என்று டாக்டருக்கே தெரியாமல் போய்விடும்.

நல்ல டாக்டர் முதலில் மருந்தைத் தொடுவதில்லை, கேள்வி கேட்கிறார். அது தூக்கம்தானா? தூங்கி வழியும் பிள்ளை தோளைத் தட்டினால் கண் திறக்கும். சில வினாடிகள் வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாமல் இருந்துவிட்டு, சட்டென்று விட்ட இடத்தில் தொடர்ந்தால் அதுவே ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். அப்போது மருந்தைக் குறைப்பது நேர் எதிரான வைத்தியம். செல்போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோ இங்கே பெரிய உதவி. இரவில் வலிப்பு வந்து தூக்கம் கெட்டாலும் பகலில் இதே சோர்வு வரும்.

நம் சிறுமிக்கு அது தூக்கம்தான். மொத்த அளவை மாற்றாமல், காலையில் பாதி மாத்திரை, இரவில் ஒன்றரை என்று டாக்டர் பிரித்தார். மருந்து விழுங்கிய சில மணி நேரத்தில் வரும் உச்சம் பள்ளி நேரத்தில் தணிந்து, படுக்கை நேரத்துக்குப் போகிறது. வலிப்பு நின்றே இருந்ததால், அடுத்த கட்டமாகப் பழைய மருந்தைக் கொஞ்சம் குறைத்தார். புது மருந்து பலன் தந்த பிறகும் பழையதை முழு அளவில் தொடர்வதுதான் பல பிள்ளைகளின் மந்தத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம். மூன்று வாரத்தில் அவள் தெளிந்தாள்.

நான்கு மாதம் கழித்துத் தூக்கம் திரும்பி வந்தது. நடை தள்ளாடியது, எச்சில் வழிந்தது. வலிப்பு மாத்திரையில் எந்த மாற்றமும் இல்லை. வயிற்றெரிச்சலுக்காக வேறொரு டாக்டர் ஒமிப்ரசோல் கொடுத்திருந்தார் என்பது விசாரித்தபோதுதான் தெரிந்தது. குளோபசாமிலிருந்து உண்டாகும் அந்த இரண்டாவது பொருளை வெளியேற்றும் கல்லீரல் நொதியை அது தடுத்துவிட்டது. அந்த நொதி பிறவியிலேயே சரியாக வேலை செய்யாதவர்களும் உண்டு. ஐரோப்பியர்களைவிட நம்மவர்களிடையே அவர்கள் அதிகம். சாதாரண அளவே அவர்களுக்கு அதிகமாகிவிடும் என்பதால், குறைவாகத் தொடங்கி மெதுவாக ஏற்றுகிறார்கள்.

எவ்வளவு வலிப்பை நிறுத்த எவ்வளவு தூக்கத்தைப் பொறுக்கலாம் என்பதற்கு ஒரே அளவுகோல் கிடையாது. தினமும் திடீரென விழுந்து மண்டையை உடைத்துக்கொள்ளும் பிள்ளைக்குக் கொஞ்சம் மந்தம் பரவாயில்லை எனலாம். வருடத்துக்கு ஒரு முறை உறக்கத்தில் வலிப்பு வருகிற பிள்ளை வகுப்பில் பாடம் கேட்க முடியாமல் போவதை ஏற்க வேண்டியதில்லை. சிடுசிடுப்பும் முரட்டுத்தனமும் சேர்ந்து வந்தால், மருந்தையே மாற்ற வேண்டி வரலாம்.

தூக்கம் தாங்க முடியாமல் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால், நிற்காமல் தொடரும் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எழுப்பினாலும் எழாத அளவு தூக்கமோ, மூச்சில் மந்தமோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். மற்றபடி, எந்த நேரத்தில் தூங்குகிறாள் என்று இரண்டு வாரம் குறித்துவையுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளோடு, இருமல் மருந்து வரை பிள்ளை சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.