வாசிப்பைக் கேட்டு எழுதும் குறிப்பு

வேலைக்குச் சென்று இரவில் வீடு திரும்பும் பெற்றோர், குழந்தை பகலில் தமிழ் வாசித்ததைக் கேட்க இயலுவதில்லை. அதனால் சில வீடுகளில் குழந்தையின் வாசிப்பைக் கைப்பேசியில் பதிவு செய்து வைக்கின்றனர். பதிவைக் கேட்கும் அண்ணனோ அக்காளோ அதைச் சிறு குறிப்பாக எழுதித் தருகின்றனர். அக்குறிப்பில் "எட்டுப் பிழை" என்று மட்டும் இருந்தால், பெற்றோர் என்ன முடிவுக்கு வருவர்? குழந்தைக்குத் தமிழ் வரவில்லை என்று எண்ணக்கூடும். அது உண்மையாக இல்லாமலும் இருக்கலாம். எனவே பிழைகளை எண்ணுவதற்கு முன் அவற்றைப் பிரித்தறியக் கற்க வேண்டும்.

குறிக்கும் முறை

நியூசிலாந்து நாட்டைச் சேர்ந்த கல்வியாளர் மேரி கிளே (1926–2007), குழந்தைகள் உரக்க வாசிப்பதைக் கேட்டுச் சொல்வாரியாகக் குறிக்கும் ஒரு முறையை உருவாக்கினார். அவர் குழந்தையின் அருகில் அமர்ந்து தாளில் குறித்தார். நாம் அதே முறையை ஒலிப்பதிவுக்குப் பயன்படுத்தலாம்.

கைப்பேசியைக் குழந்தையின் முன் ஒரு சாண் தொலைவில் வைத்துப் பதிவு செய்க. வாசித்த பகுதியின் படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பதிவைக் கேளுங்கள். சொல்லைத் தவறாக வாசித்தால், வாசித்தவாறே அச்சொல்லின் மேல் எழுதுக. சொல்லை விட்டுவிட்டால் கோடு இடுக. தவறாக வாசித்துத் தானே திருத்திக்கொண்டால் "தி" என்று குறிக்க. தானே திருத்தியது பிழைக் கணக்கில் சேராது. ஒரே சொல்லை இருமுறை சொல்வதும் பிழையன்று.

மூன்று முறை கேட்டும் லகரமா ளகரமா என்று தெளிவாகாத இடத்தில் வினாக்குறி இட்டு, கணக்கில் சேர்க்காமல் விடுக. தெளிவில்லாத பதிவுக்குக் குழந்தை பொறுப்பாகாது.

ஒரு மாணவியின் பதிவு

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். ஆற்றில் படகேறிச் செல்லும் வணிகர்களைப் பற்றிய 100 சொற்கள் கொண்ட பகுதியை அவள் வாசிக்கிறாள். பதிவைக் கேட்டபோது எட்டு இடங்கள் குறிக்கப்பட்டன.

காற்று, ஆற்றில், வெற்றிலை, ஏற்றி ஆகிய நான்கு சொற்களிலும் "ற்ற" வேறுவிதமாக ஒலித்தது. "ஒன்று" என்பதை "ஒண்ணு" என்று வாசித்தாள். "விளக்கு" என்பதை "விலக்கு" என்றும், "சென்றனர்" என்பதைச் "சென்றான்" என்றும் வாசித்தாள். "மீண்டும்" என்ற சொல்லை விட்டுவிட்டாள். மேலும் இரண்டு சொற்களைத் தவறாகத் தொடங்கித் தானே திருத்திக்கொண்டாள்.

இந்த எட்டும் ஒரே வகையானவை அல்ல. முதல் நான்கைப் பாருங்கள். இவள் நாள்தோறும் கேட்கும் ஊர்ப்பெயர்களுள் ஒன்று ஆற்றுகால். மலையாளத்தில் அப்பெயரைச் சொல்லும்போது, "ற்ற" வரும் இடத்தில் நாவின் நுனி மேற்பற்களுக்குப் பின்னுள்ள ஈறுப் பகுதியை அழுத்தித் தொட்டு விலகுகிறது. அங்கே அதிர்வு இல்லை. தமிழ்நாட்டில் பாடம் வாசிக்கும்போது, நாநுனி தொட்டபின் றகரம் அதிர்ந்து ஒலிக்கிறது. மாணவி நான்கு சொற்களையும் சரியாக அறிந்தே வாசித்தாள். மலையாள ஒலிப்பில் வாசித்தாள். யாழ்ப்பாணத் தமிழரும் "ற்ற" என்பதை ஏறத்தாழ அவ்வாறே அதிர்வின்றி ஒலிப்பர் என்பதையும் நினைவிற்கொள்க. "ஒண்ணு" என்பதோ வீட்டில் பேசும் தமிழ். ஆகவே இவ்வைந்தும் ஒலிப்பு வேறுபாடுகள். ஒலிப்பு வேறுபாட்டை வாசிப்புப் பிழையாக எண்ணுதல் கூடாது என்பது கிளேயின் முறையிலும் உள்ள விதி.

மற்ற மூன்றும் வாசிப்புப் பிழைகள். விளக்கு என்பது ஒளி தருவது. விலக்கு என்றால் அகற்று என்று பொருள். "விலக்கு ஒன்றை ஏற்றி" என்று வாசித்தபோது தொடர் பொருளிழந்தது. அவள் அதை உணர்ந்து திரும்பவில்லை. இதுவே கவனிக்க வேண்டிய இடம்.

எவ்வாறு பிரித்தறிவது?

ஐயம் எழுந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. பதிவை நிறுத்திவிட்டு, "காற்று என்றால் என்ன?" என்று கேளுங்கள். பிறகு அச்சொல்லை எழுதச் சொல்லுங்கள். பொருளும் சரி, எழுத்தும் சரி என்றால், வேறுபாடு நாவில் மட்டுமே உள்ளது. அடுத்து, வீட்டிலுள்ள விளக்கைக் காட்டி, "இது என்ன?" என்று கேளுங்கள். "விளக்கு" என்று சரியாகச் சொன்னால், ளகர ஒலி அவளுக்கு வரும். ஏட்டில் உள்ள எழுத்தையே மாறிப் பார்த்திருக்கிறாள் என்பது தெளிவாகும்.

கணக்கு சொல்வது என்ன?

எட்டையும் பிழையாக எண்ணினால், 100 சொற்களில் 92 சரி. மூன்றை மட்டும் எண்ணினால், 97 சரி. கிளேயின் முறைப்படி 95 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால், அந்நூல் குழந்தைக்கு எளியது. 90 முதல் 94 வரை என்றால், உதவியுடன் வாசிக்கத்தக்கது. 90க்குக் குறைந்தால் கடினமானது. ஆகவே பிரிக்காமல் எண்ணினால், தானே வாசிக்கக்கூடிய நூலை உதவியுடன் மட்டுமே வாசிக்கத்தக்கது என்று கருதிவிடுவோம்.

பெற்றோருக்கான குறிப்பு

"அம்மா, இன்று 100 சொற்கள் கொண்ட பகுதியைத் தங்கை வாசித்தாள். 97 சொற்கள் சரி. இரண்டு தவறுகளைத் தானே திருத்திக்கொண்டாள். விளக்கு, சென்றனர், மீண்டும் ஆகிய மூன்று இடங்களில் பிழை. 'ற்ற' வந்த நான்கு இடங்களிலும் மலையாள ஒலிப்பு உள்ளது. பொருள் அவளுக்குத் தெரியும். இரவு உணவின்போது காற்று, வெற்றிலை என்ற சொற்களை நீங்கள் ஒருமுறை சொல்லி, அவளையும் சொல்லச் செய்யுங்கள்."

இக்குறிப்பில் பிழைச்சொற்கள் உள்ளன. அவற்றின் காரணமும், பெற்றோர் செய்யத்தக்க ஒரு செயலும் உள்ளன.

முன்னேற்றத்தை அறிதல்

மூன்று வாரங்களுக்குப் பின், அதே அளவு கடினமுள்ள புதிய பகுதி ஒன்றைப் பதிவு செய்க. பழைய பகுதியையே வாசிக்கச் செய்தால், மனப்பாடம் முன்னேற்றம் போலத் தோன்றும். புதிய பகுதியில் "ற்ற" ஐந்து இடங்களில் வந்து, நான்கில் சரியாக ஒலித்தால், "5 இடங்களில் 4 சரி" என்று எழுதுக. "ஒரு பிழை" என்று மட்டும் எழுதினால், அவ்வெழுத்து எத்தனை முறை வந்தது என்பது தெரியாது.

"தி" குறிகளையும் ஒப்பிடுக. முன்பு இரண்டைத் திருத்தி மூன்றை விட்டாள். இப்போது நான்கைத் திருத்தி இரண்டை விட்டாள் எனில், தடுமாறிய இடங்கள் ஐந்திலிருந்து ஆறாகக் கூடியுள்ளன. ஆயினும் இது முன்னேற்றமே. தான் வாசிப்பதைத் தானே கேட்டுப் பொருள் பார்க்க அவள் தொடங்கிவிட்டாள்.

பயிற்சி

1. 120 சொற்கள் கொண்ட பகுதியில் ஒரு மாணவன் ஒன்பது சொற்களைத் தவறாகத் தொடங்கி, மூன்றைத் தானே திருத்திக்கொண்டான். அவன் சரியாக வாசித்தது எத்தனை விழுக்காடு?
2. பின்வருவனவற்றை ஒலிப்பு வேறுபாடு, வாசிப்புப் பிழை எனப் பிரித்து, காரணம் எழுதுக: "மூன்று" – "மூணு", "களம்" – "கலம்", "வந்தனர்" – "வந்தான்".
3. உங்கள் தம்பி அல்லது தங்கையின் வாசிப்பைப் பதிவு செய்து, பெற்றோருக்கு ஐந்து தொடர்களில் குறிப்பு எழுதுக.