வேப்பிலை கட்டும் முன் மருந்துச் சீட்டை எடுங்கள்

காய்ச்சலோடு உடம்பில் சிவப்புத் தடிப்பு வந்தால் நம் வீடுகளில் முதலில் வரும் சொல் 'அம்மை'. வாசலில் வேப்பிலை ஏறுகிறது, ஆஸ்பத்திரிப் பேச்சே கூடாது என்கிறார்கள் பெரியவர்கள். அம்மை இல்லை என்று தோன்றினால் பழி முந்தாநாள் சாப்பிட்ட கத்தரிக்காய் மீதோ கருவாட்டின் மீதோ விழுகிறது. பத்து நாளைக்கு முன் தொடங்கிய மாத்திரையை யாரும் சந்தேகிப்பதில்லை. தடிப்புக்குக் காரணமான அந்த மாத்திரை வேளை தவறாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. இதே தவறு திரும்பத் திரும்ப நடப்பதால்தான் இந்தக் கட்டுரை.

ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு முகத்தில் நரம்பு வலி. மருத்துவர் கார்பமாசெபின் எழுதிக்கொடுத்தார். 3ஆம் தேதி மாத்திரை தொடங்கினார், வலியும் குறைந்தது. 14ஆம் தேதி காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல். மெடிக்கல் ஷாப்பில் காய்ச்சல் மாத்திரை வாங்கிப் போட்டார். 16ஆம் தேதி மார்பிலும் முதுகிலும் சிவந்த புள்ளிகள். அம்மை என்று முடிவுகட்டி, தனி அறையில் படுக்கவைத்தார்கள். நரம்பு மாத்திரையை மட்டும் விடாமல் கொடுத்தார்கள். 18ஆம் தேதி உதடு வெந்து புண்ணானது. முதுகுத் தோல் படுக்கை விரிப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் ஆஸ்பத்திரி.

அங்கே "என்ன மருந்து சாப்பிட்டார்?" என்று கேட்டதற்கு, வீட்டார் சொன்னது காய்ச்சல் மாத்திரையை மட்டும். "நரம்பு மாத்திரை ரெண்டு வாரமா சாப்பிடுறாரு, அது ஒண்ணும் செய்யலையே" என்றார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் கண்கள் வறண்டுபோய், இன்றும் சொட்டு மருந்தோடுதான் வாழ்கிறார். கண் எரிந்த அன்றே மாத்திரையை நிறுத்தியிருந்தால் நான்கு நாள் மருந்து உள்ளே போயிருக்காது. இந்த நோய்க்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்று பெயர். உடம்பின் பெரும்பகுதித் தோல் உரியும் அளவுக்கு முற்றினால், ஏறக்குறைய மூவரில் ஒருவரைக் காப்பாற்ற முடிவதில்லை.

'இத்தனை நாள் ஒத்துக்கொண்டதே' என்ற கணக்குத்தான் ஆளைக் கவிழ்க்கிறது. மருந்து போட்ட ஒரு மணி நேரத்துக்குள் அரிப்போடு தடித்து வீங்குவது ஒரு வகை ஒவ்வாமை. நாம் பேசுவது வேறு வகை. இதில் உடம்பின் எதிர்ப்புச் செல்கள் அந்த மருந்தை எதிரியாக அடையாளம் கண்டு பெருகுவதற்கே நாட்கள் பிடிக்கும். சாதாரண மருந்துத் தடிப்பு பெரும்பாலும் 4 முதல் 14 நாட்களுக்குள் வரும். தோல் உரியும் வகை 4 முதல் 28 நாட்களுக்குள் வரும். முகம் வீங்கி ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் இன்னொரு வகை 2 முதல் 8 வாரங்களுக்குள்கூட வரலாம். ஆகவே தடிப்பைக் கண்டதும் நேற்றைய சாப்பாட்டை யோசிக்காதீர்கள். கடந்த 8 வாரங்களில் புதிதாகத் தொடங்கிய மருந்து எது என்று பாருங்கள்.

வலிப்புக்கான கார்பமாசெபின், பெனிடாயின், லாமோட்ரிஜின், யூரிக் அமிலத்துக்கான அலோப்யூரினால், சல்ஃபா வகை மாத்திரைகள், சில வலி மாத்திரைகள் ஆகியவை முன்வரிசைச் சந்தேகங்கள். மாதவிடாய் வலிக்குச் சாதாரணமாக வாங்கிப் போடும் மெஃபனமிக் அமிலம் குறித்தும் இந்திய மருந்துநூல் ஆணையம் 2023இல் எச்சரிக்கை விடுத்தது.

தடிப்பு மார்பிலும் முதுகிலும் தொடங்கி, இருபுறமும் ஒரேபோல், அரிப்போடு மட்டும் இருக்கிறது, காய்ச்சல் இல்லை, சாப்பிட முடிகிறது என்றால் அது பெரும்பாலும் லேசான வகை. அப்போதும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். மருந்து எழுதிய மருத்துவரை அன்றே அழையுங்கள், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே கேளுங்கள். வலிப்பு, காசநோய், இதய நோய் மாத்திரைகளைத் தானாக நிறுத்துவதும் ஆபத்து. வலிப்பு மாத்திரை திடீரென்று நின்றால் வலிப்பு வரலாம். மாற்று மருந்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் போனில் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை:

- 100.4 டிகிரியைத் தாண்டிய காய்ச்சல்
- கண் சிவப்பு, எரிச்சல்
- வாய், உதடு, பிறப்புறுப்பில் புண்
- தொட்டால் தோல் வலிப்பது, கொப்புளம், உரிதல்
- கருஞ்சிவப்பாக, நடுவில் கறுத்த புள்ளிகள்
- முக வீக்கம், கழுத்தில் நெறிகட்டுதல், மஞ்சள் காமாலை

அடுத்த வேளை மாத்திரையைப் போடாதீர்கள். வலிப்பு மாத்திரையானாலும் சரிதான். 108ஐ அழைத்து, தோல் பிரிவும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிப்பு உண்டு என்பதை உள்ளே நுழையும்போதே சொல்லுங்கள். கறுத்த தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் கண், வாய், வலி மூன்றையும் பாருங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் 'அலர்ஜி மாத்திரை' வாங்கிச் சமாளிக்க வேண்டாம். அங்கே தரும் ஸ்டீராய்டு இரண்டு நாள் தடிப்பை அமுக்கிவைத்து, நோயின் முகத்தை மறைத்துவிடும். உண்மையிலேயே அம்மைதானா என்பதையும் மருத்துவர் சொல்லட்டும். வேப்பிலை வீட்டில் இருக்கட்டும், நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்.

போகும்போது எடுத்துச்செல்ல வேண்டியவை: மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டைகள், கடை பில். காலி அட்டையையும் எறியாதீர்கள். தொகுப்பு எண் அதில்தான் இருக்கிறது. ஒரு தாளில் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே தொடங்கிய தேதி, கடைசியாகப் போட்ட தேதி இரண்டையும் எழுதுங்கள். நாட்டு மருந்தும் கடையில் கேட்டு வாங்கியதும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். தடிப்பைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துவையுங்கள். இவை இருந்தால் குற்றவாளி மருந்தைப் பிடிப்பது மருத்துவருக்கு எளிதாகும்.

குணமாகி வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்துப் பாருங்கள். 'மருந்து ஒவ்வாமை' என்று மொட்டையாக எழுதியிருந்தால் வாங்காதீர்கள். எந்த மருந்து என்று, கம்பெனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் எழுதித் தரச் சொல்லுங்கள். கம்பெனி மாறினால் பெயர் மாறும், மருந்து மாறாது. அதே குடும்பத்து மருந்துகளையும் கேட்டு எழுதிவாங்குங்கள். கார்பமாசெபின் ஒத்துக்கொள்ளாதவருக்கு பெனிடாயினும் ஆகாமல் போகலாம். அந்தப் பெயர்களை ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். பல் மருத்துவரிடம் போனாலும் காட்டுங்கள். 'அரை மாத்திரை போட்டுப் பார்ப்போம்' என்ற சோதனை வேண்டவே வேண்டாம். இரண்டாம் முறை இது இன்னும் வேகமாக வரும்.

கடைசியாக, பெரும்பாலோர் செய்யாத வேலை: புகார். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. வேலை நாட்களில் அலுவலக நேரத்தில் அழைக்கலாம். நோயாளியோ வீட்டாரோ நேரடியாகப் புகார் தரலாம், மருத்துவர் கையெழுத்து தேவையில்லை. பொதுமக்களுக்கென்று தனிப் படிவம் உண்டு, அது தமிழிலும் கிடைக்கிறது. பல மருத்துவக் கல்லூரிகளில் பக்க விளைவு கண்காணிப்பு மையம் இயங்குகிறது. பெரும்பாலும் மருந்தியல் துறையில் விசாரித்தால் தெரியும். வார்டில் யாரும் இதைச் சொல்வதில்லை, கேட்டால்கூடச் சில இடங்களில் அலுத்துக்கொள்கிறார்கள். விடாதீர்கள். மருந்தின் பெயர், தொகுப்பு எண், இரண்டு தேதிகள், என்ன நேர்ந்தது என்பதைச் சொன்னால் போதும். நோயாளியின் பெயர் வெளியே வராது. எச்சரிக்கைகள் பிறப்பதே இப்படி வந்து சேரும் புகார்களிலிருந்துதான்.