சாவி கைமாறும் நாள்

கூட்டேரிப்பட்டில் மயிலம் சாலை பிரியும் இடத்துக்கு அருகே பேக்கரி நடத்தும் வாசகர் எழுதியிருக்கிறார்: "மூன்று வருஷக் குத்தகை, பதிவு செய்தது. பதினைந்தாவது மாதமே தாக்குப்பிடிக்க முடியவில்லை. கடை உரிமையாளரும் 'சரி, காலி பண்ணிக்கோ' என்கிறார். சாவியைக் கொடுத்தால் போதாதா?"

போதாது. காலம் குறித்த குத்தகையை, பத்திரத்தில் வழி இல்லாவிட்டால், ஒருவர் மட்டும் நோட்டீஸ் கொடுத்து நடுவில் முடிக்க முடியாது. இருவரும் சம்மதித்தால் முடியும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 111ஆம் பிரிவில் இதை 'ஒப்படைப்பு' என்று ஏற்கிறது. குத்தகை பதிவானது என்றால் ஒப்படைப்புப் பத்திரத்தையும் பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் பழைய குத்தகை அப்படியே நிற்கும். அடுத்து வருபவர் அதைக் காட்டிப் பேரம் பேசுவார்.

எனக்குப் பிடித்த விஷயம் சாவிதான். ஷட்டர் இடுக்கில் சாவியைப் போட்டுவிட்டுப் போனால் அது ஒப்படைப்பு ஆகாது, உரிமையாளர் ஏற்க வேண்டும். அவர் பேசாமல் வாங்கி, கடையைத் திறந்து வேறொருவருக்கு விட்டுவிட்டால், சம்மதம் சொல்லாமலே சொன்னதாகிவிடும். ஆனால் அதை நிரூபிக்கக் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். ஆகவே எத்தனை சாவி என்று எண்ணி எழுதுங்கள்: ஷட்டரின் இரண்டு பக்கப் பூட்டு, நடுப் பூட்டு, பின் கதவு, மீட்டர் பெட்டி, டூப்ளிகேட் உட்பட. வாங்கிய தேதியும் நேரமும் போட்டு உரிமையாளர் கையெழுத்திட வேண்டும். வாடகை ஓடுவது அந்த நேரத்தோடு நிற்கிறது. என் பழைய வீட்டின் மாடிச் சாவி ஒன்று இன்னும் என் மேசையில் கிடக்கிறது. அட்வான்ஸில் ஐந்நூறு ரூபாய் அதற்காகவே பிடிக்கப்பட்டது.

இனி கணக்கு. வாசகரின் வாடகை 12,000, அட்வான்ஸ் 1,20,000. மே வாடகை பாக்கி. ஜூன் 20 அன்று சாவி கொடுக்கிறார். ஜூனுக்கு 20 நாள் வாடகை 8,000. ஆக, பாக்கி 20,000. மீதி ஒரு லட்சத்தையும் உடனே கேட்கத்தான் தோன்றும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதானே வருகிறது! அவர் போன பிறகு வரும் பில்லில் அவர் எரித்த யூனிட்டும் இருக்கும். அதனால் சாவி கொடுக்கும் நாளில் மீட்டர் எண்ணைப் படம் பிடித்து, அதைப் பத்திரத்திலும் எழுத வேண்டும். கடைசி ரீடிங் 18,240, அன்றைய ரீடிங் 18,910 என்றால் அவர் பங்கு 670 யூனிட். அதற்காக 8,000 ரூபாயை மட்டும் நிறுத்திவைத்து, 92,000 ரூபாயைச் சாவியோடு சாவியாக வங்கி வழியே தர வேண்டும். நிறுத்திய தொகையில் மிச்சம் இருந்தால், பில் வந்த எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் எழுதுங்கள்.

'பிறகு தருகிறேன்' என்ற வாய்ச்சொல்லை நம்பி அட்வான்ஸை இழந்தவர்கள் என் தெருவிலேயே மூன்று பேர். "இத்துடன் பாக்கி எதுவும் இல்லை" என்ற வரியில், பணம் கணக்கில் ஏறாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மீதி 21 மாத வாடகையை உரிமையாளர் கேட்கமாட்டார் என்ற வரியும் தனியாக வேண்டும்.

வாசகர் கடை முன்பக்கத்தில் ஒருவருக்குப் பூக்கடை போட உள்வாடகைக்கு விட்டிருக்கிறாராம். முறையாக விட்டிருந்தால், இந்த ஒப்படைப்பால் பூக்காரரின் உரிமை போகாது. 115ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அவரிடமும் முதலில் பேசிவிட்டு ஜூன் 20க்கு வாருங்கள்.