வெங்காயக் குவியலும் காற்றோட்டமும்

யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களிலே கோடையிற் கிண்டப்படும் சின்ன வெங்காயத்தின் ஒரு பகுதி, அடுத்த நடுகைக்கு விதையாகக் காக்கப்படுகின்றது. தோட்டக்காரர் அதனைத் தாளோடு பிடிகளாகக் கட்டிக் கொட்டிலிலே தூக்கி வைப்பது பழைய வழக்கம். பிடிகளுக்கிடையே காற்று உலாவுவதால் அங்கே விசிறி வேண்டியதில்லை. தாளறுத்த வெங்காயத்தைக் குவித்து வைக்கும்போதே இடர் தொடங்குகின்றது.

வெங்காயம் உயிருள்ள பொருள். அது சுவாசிக்கும்போது வெப்பமும் நீராவியும் பிறக்கின்றன. 20 பாகை செல்சியசில் 1,000 கிலோ வெங்காயம், பழைய கணக்கில் ஏறத்தாழ 20 அந்தர், வெளிவிடும் வெப்பம் போக வழியில்லையாயின், குவியல் நாளொன்றுக்கு ஏறக்குறைய அரைப் பாகை சூடேறும். சூடு ஏற ஏறச் சுவாசமும் விரையும். நடுவிலிருந்து எழும் நீராவி குளிர்ந்த மேற்படையிற் படிய, அங்கே வேர் அரும்பும், அழுகலும் பற்றும்.

இதற்கு விசிறியைக் குவியலின் முன்னே வைத்து வீசச் செய்வதாற் பயன் சிறிது. மேற்படை மட்டுமே குளிரும். பனஞ்சிலாகைகளை இடைவெளிவிட்டுப் பரப்பிய உயர்ந்த தட்டின்மேல் வெங்காயத்தைச் சமமாகப் பரப்பி, தட்டின் கீழுள்ள வெளியைச் சுற்றிலும் அடைத்து, அதனுள்ளே காற்றைச் செலுத்துதல் வேண்டும். அப்போது காற்று வெங்காயத்தினூடாகவே மேலேறும். மண்ணும் உதிர்ந்த தோலும் அடைத்த இடத்தைக் காற்று விலக்கிச் செல்லுமாதலால், அவற்றை முன்னரே நீக்கிவிடல் நன்று.

எந்த வேளையில் விசிறியை இயக்குவது என்பதே பலரும் பிழைவிடும் இடம். மாரிகாலத்து இரவொன்றில் வெளிக்காற்று 25 பாகை, ஈரப்பதன் நூற்றுக்கு 95 எனக் கொள்வோம். குவியலின் நடுவோ 32 பாகை. ஈரக்காற்றென அஞ்சி விசிறியை நிறுத்துவது இயல்பு. ஆயினும் அக்காற்று குவியலுட் புகுந்து 32 பாகைக்குச் சூடேறியதும், அதன் ஈரப்பதன் நூற்றுக்கு 63 அளவிற்கு இறங்கிவிடும். அது குளிரச் செய்வதோடு உலர்த்தவும் செய்யும். இனி, குவியல் 24 பாகையாகக் குளிர்ந்திருக்க, மழை விட்ட நண்பகலில் 30 பாகையும் நூற்றுக்கு 75 ஈரப்பதனுங் கொண்ட காற்றைச் செலுத்தினால், வெயில் எறித்தாலும் வெங்காயத்தின்மேல் நீர் துளிர்க்கும். ஏனெனில் அக்காற்றின் பனிபடுநிலை ஏறத்தாழ 25 பாகையாகும்.

ஆகவே ஒரு வெப்பமானியைக் குவியலின் நடுவிலும், மற்றொன்றை வெளியே நிழலிலும் வைத்து ஒப்பிடல் வேண்டும். குவியல் வெளிக்காற்றினும் சூடாயிருக்கும்போதே விசிறி ஓடவேண்டும். மழைநாட்களில் வேறுபாடு 5 பாகைக்குக் குறைந்ததும் நிறுத்திவிடலாம். அதன்பின் புகும் ஈரக்காற்று உலர்த்துவதில்லை.

கழுத்து நன்கு காயாத வெங்காயத்தையும், கிண்டும்போது காயம்பட்டதையும் எந்த விசிறியும் காக்காது. உறங்குகாலம் முடிந்த வெங்காயம் முளைப்பதையும் காற்று தடுக்காது. கையை உள்ளே விட்டால் வெம்மையும், முகர்ந்தால் அழுகல் நாற்றமும் தோன்றுமாயின், விசிறியை நம்பியிராது குவியலைக் கலைத்துப் பழுதானவற்றைப் பொறுக்கி எறிதலே வழி.