கை மாறிய ரிப்போர்ட்

லேப் ரிப்போர்ட் ஆள் மாறிப் போய்விட்டால் இரண்டு நோயாளிகளுக்குப் பாதிப்பு. ஆனால் திரும்பி வருகிறவர் ஒருவர்தான். மோசமான ரிப்போர்ட்டை வாங்கிப் போனவர் பதறிக்கொண்டு வந்து நிற்பார். நல்ல ரிப்போர்ட்டை வாங்கிப் போனவர் நிம்மதியாக வீட்டில் இருப்பார். அவரைத் தேடிப் போக வேண்டியது நாங்கள்தான். மருத்துவமனை ஒன்றின் மெடிக்கல் ரெக்கார்டு பிரிவில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். என் மேசைக்கு வந்த ஒரு சம்பவத்தை வைத்தே இதைச் சொல்கிறேன்.

ஒருவர் வந்து, "சார், அம்மாவோட பழைய ஃபைல் வேணும். கிட்னி ஸ்பெஷலிஸ்ட்கிட்ட காட்டச் சொல்லியிருக்காங்க" என்றார். கையில் இருந்த ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 3.8. பெண்களுக்கு அது ஏறக்குறைய 1.1-க்குள் இருக்க வேண்டும். 3.8 என்றால் சிறுநீரகம் பெருமளவு செயலிழந்துவிட்டது என்று பொருள். ஃபைலை எடுத்துப் பார்த்தேன். அம்மாவுக்கு வயது 52. வருடாந்தரப் பரிசோதனைக்கு வந்தவர். போன வருடம் கிரியேட்டினின் 0.8. ரிப்போர்ட்டில் பெயரும் இனிஷியலும் சரியாகவே இருந்தன. வயது மட்டும் 58 என்று இருந்தது. பதிவு எண்ணும் வேறு.

நம் ஊரில் இது எளிதாக நடக்கும். குடும்பப் பெயர் கிடையாது. ஒரு பெயர், முன்னால் ஓர் எழுத்து. கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல் என்று ஒரே பெண்ணுக்கு இரண்டு பதிவுகூட இருக்கும். கூட்டமான கவுன்டரில் பெயரைக் கூவினால், அதே பெயர் கொண்ட யாராவது கையை நீட்டிவிடுவார்கள். "நீங்கதானே?" என்று கேட்டால் காது மந்தமானவர்கள்கூடத் தலையை ஆட்டுவார்கள். அதனால்தான் குறைந்தது இரண்டு அடையாளங்களைப் பார்க்க வேண்டும் என்பது உலகெங்கும் விதி: முழுப் பெயர், அதோடு பதிவு எண் அல்லது பிறந்த தேதி. வார்டில் படுத்திருப்பவரின் கட்டில் எண் அடையாளத்தில் சேராது. கட்டிலுக்கு ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

ரிப்போர்ட்டில் இருந்த பதிவு எண்ணைக் கணினியில் போட்டதும் இன்னொரு அம்மாவின் ஃபைல் வந்தது. வயது 58, நெடுநாள் சர்க்கரை நோய், மூன்று மாதத்துக்கு முன் கிரியேட்டினின் 3.1. அவர் கையில் இப்போது 0.9 என்று ஒரு தாள் இருக்கிறது. அப்படிக் கெட்டுப்போன சிறுநீரகம் மூன்று மாதத்தில் நேராகிவிடாது. ஆனால் பழைய ரிப்போர்ட்டைப் பார்க்காத மருத்துவருக்கு 0.9 என்பது சாதாரண எண். அதை நம்பி மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் எழுதலாம்; நிறுத்தி வைத்திருந்த மெட்ஃபார்மினை மறுபடி தொடங்கலாம். இந்த நிலையில் முதல் மாத்திரை மிச்சமிருக்கும் சிறுநீரகச் செயல்பாட்டையும் குறைக்கக்கூடியது. இரண்டாவதைக் கொடுக்கவே கூடாது.

உடனே ரெக்கார்டு அதிகாரிக்கும் லேப் பொறுப்பாளருக்கும் டியூட்டி டாக்டருக்கும் சொன்னேன். ஃபைலில் இருந்த எண்ணுக்கு டாக்டரே பேசினார். பேரையும் பிறந்த வருடத்தையும் அந்த அம்மா வாயாலேயே சொல்லவைத்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். "அம்மா, நேத்து வாங்கின ரிப்போர்ட் உங்களுது இல்லை. அதைப் பார்த்து யாராவது புது மாத்திரை கொடுத்தாங்களா?" கொடுத்திருந்தார்கள். வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக். முந்தின இரவு ஒன்று போட்டிருக்கிறார். அடுத்ததைப் போட வேண்டாம், இன்றே வாருங்கள் என்று சொன்னார். கிளினிக் மருத்துவருக்கும் அழைத்துச் சரியான எண்ணைச் சொல்லி, அவர் திருப்பிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டார். மூன்று புள்ளி எட்டு என்பது போனில் எப்படி வேண்டுமானாலும் காதில் விழலாம். பேசிய நேரத்தையும் பேசியவர் பெயரையும் ஃபைலில் குறித்தோம்.

இதற்குப் பிறகுதான் பலர் தடுமாறுகிற இடம். இரண்டு தாளையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று தோன்றும். அப்படிச் செய்வதற்கு முன், மாறியது தாளா, ரத்தமா என்று தெரிந்தாக வேண்டும். தாளில் அடுத்தவரின் பதிவு எண் இருந்தால் கவுன்டரில் கை மாறியிருக்கிறது. ரிப்போர்ட் சரி, போன இடம் தப்பு. தாளில் அவருடைய எண்ணே இருந்து, அளவு மட்டும் நம்ப முடியாததாக இருந்தால் ரத்தம் எடுக்கும்போதே ட்யூபில் லேபிள் மாறியிருக்கலாம். அது பெரிய ஆபத்து, ஏனென்றால் தாளில் எல்லாமே சரியாக இருப்பதுபோலத் தெரியும். பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும். ரத்த அணுப் பரிசோதனையில் வரும் எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, இதற்கு நல்ல துப்பு. ரத்தம் ஏற்றாமல் அது ஓரிரு நாளில் பெரிதாக மாறாது. போன வாரம் 72, இன்று 94 என்றால் அநேகமாக அது வேறொருவரின் ரத்தம். அப்போது எண்களை இடம் மாற்றிப் போடவே கூடாது. சந்தேகத்துக்குள்ளான இருவரிடமும் புதிதாக ரத்தம் எடுக்க வேண்டும். அதே நேரத்தில் அதே ஆள் எடுத்த மற்ற ட்யூப்களையும் சரிபார்க்க வேண்டும். மாறியது இரண்டோடு நின்றிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

எங்கள் சம்பவத்தில் இரண்டு தாளிலும் எண்ணும் பார்கோடும் அடுத்தவருடையவை. குளிர்பெட்டியில் இருந்த இரண்டு ட்யூப்களையும் லேப் மறுபடி ஓட்டியது, அதே அளவுகள். அன்று வந்த 58 வயது அம்மாவிடம் புதிதாக எடுத்த ரத்தத்தில் 3.9. ரத்தம் மாறவில்லை, தாள்தான் மாறியது என்று அப்போதுதான் உறுதி செய்தோம்.

இனி ஃபைல். 52 வயது அம்மாவின் ஓ.பி. சீட்டில் மருத்துவர் 3.8 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதை நான் திருத்த முடியாது; எழுதியவரே திருத்த வேண்டும். ஒரே கோடாக அடித்து, கீழே இருப்பது படிக்கும்படி விட்டு, பக்கத்தில் காரணம், தேதி, நேரம், கையெழுத்து. ஒயிட்னர் வைக்கக்கூடாது, தாளைக் கிழிக்கக்கூடாது. தப்பான எண்ணை நம்பி ஒரு மாத்திரை தரப்பட்டிருந்தால், ஏன் தரப்பட்டது என்பதற்கு அந்தத் தப்பான எண்தானே சாட்சி? ரிப்போர்ட்டிலேயே தவறு இருக்கும்போதும் இப்படித்தான். லேப் 'திருத்தப்பட்ட அறிக்கை' என்று தலைப்பிட்டுப் புதிதாகத் தரும். பழையது கணினியில் அழியாமல் இருக்க வேண்டும்.

மகன் கேட்டார்: "அப்போ இது யாரோட ரிப்போர்ட் சார்?" அதைச் சொல்லக்கூடாது. ஆனால் தாளில் எல்லாமே இருந்தது. அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுமிருந்தார். தாளை வாங்கிக்கொண்டு, படத்தை எல்லோரும் அழிக்கும்படி கேட்டுக்கொண்டோம். அடுத்த அம்மாவிடமும் அவருடைய விவரம் வெளியே போனதை மறைக்காமல் சொன்னோம். அவருக்கு வந்த கோபம் நியாயமானது.

கடைசியாகச் சம்பவ அறிக்கை. அதில் 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதினால் எதுவும் மாறாது. எத்தனை மணிக்கு, எந்த கவுன்டரில், பில் பார்க்காமல் பெயரைக் கூவிக் கொடுக்கப்பட்டது, இரண்டு தாளும் அடுத்தடுத்து அச்சாகி ஒரே தட்டில் கிடந்தன என்று எழுதினேன். இப்போது பில்லில் உள்ள பதிவு எண்ணைத் தாளோடு ஒப்பிட்டு, வாங்குகிறவர் பெயரையும் வயதையும் அவரே சொன்ன பிறகுதான் ரிப்போர்ட் தருகிறார்கள். ஒரே பெயருள்ளவர்களின் பதிவில் கணினி எச்சரிக்கை காட்டுகிறது.

வரிசையில் நிற்கிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கிறது. "தினமும் வர்றேன், என்னைத் தெரியாதா?" என்கிறார்கள். தெரிந்தாலும் கேட்கிறோம். கவுன்டரை விட்டு நகரும் முன் நீங்களும் ரிப்போர்ட்டின் மேல்பகுதியைப் பாருங்கள்: பதிவு எண், வயது, ஆணா பெண்ணா, ரத்தம் எடுத்த தேதியும் நேரமும், அனுப்பிய மருத்துவர். ஒன்று இடித்தாலும் அங்கேயே கேளுங்கள். எதிர்பாராத மோசமான அளவைப் போலவே, எதிர்பாராத நல்ல அளவு வந்தாலும் பழைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.